நூற்றுக்கு எத்தனை, ஒன்றுக்கு எத்தனை

தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் ஊர்களில், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை 2006-07-ல் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு நடத்தியது. கணக்கில் வந்தவர்கள் 80,725 பேர். 2008-ல் அறிக்கை தயாரானது. பத்து ஆண்டு கழித்து, 2018 மே மாதம் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகுதான் ஊர் உலகம் அதைத் தேடிப் படித்தது. அறிக்கையில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவை இரண்டு எண்கள். சுவாச மண்டல நோய்கள் எல்லாம் சேர்த்து 13.9 சதவீதம் பேருக்கு இருந்தன. ஆஸ்துமா கலந்த மூச்சுக்குழல் அழற்சி மட்டும் 2.8 சதவீதம். பின்னதற்குத் தமிழ்நாட்டின் சராசரி 1.29 சதவீதம் என்று அறிக்கை ஒப்பிட்டுக் காட்டியது. பத்திரிகைகள் அதை 'இரு மடங்குக்கு மேல்' என்று எழுதின.

இந்த 'மடங்கு' எங்கிருந்து வருகிறது? இதைச் சொல்ல மருத்துவ ஆராய்ச்சியில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று ரிலேட்டிவ் ரிஸ்க், தமிழில் ஒப்பீட்டு இடர் என்று எழுதுகிறோம். இன்னொன்று ஆட்ஸ் ரேஷியோ. இரண்டும் ஒரே நான்கு எண்களிலிருந்து பிறப்பவை. சில சமயம் அச்சாக ஒன்றுபோல வரும். சில சமயம் ஒன்று மூன்று என்றால் மற்றது ஆறு என்று நிற்கும். எப்போது ஒட்டும், எப்போது பிரியும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

கையில் இருக்கிற எண்களையே எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக, ஆலைப் பக்கம் பத்தாயிரம் பேர், மாநிலச் சராசரியில் வாழும் பத்தாயிரம் பேர் என்று வைத்து அந்தச் சதவீதங்களை ஆட்களாக மாற்றினால் நான்கு கட்டங்கள் நிரம்பும்.

| | நோய் உண்டு | நோய் இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| ஆலைப் பக்கம் | 280 | 9,720 | 10,000 |
| மாநிலச் சராசரி | 129 | 9,871 | 10,000 |

இதைத்தான் இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்கிறார்கள். இரண்டு வரிசை, இரண்டு பத்தி. மொத்தம் என்ற ஓரப் பத்தி நாம் கூட்டிப் போட்டது.

ஒப்பீட்டு இடர் படுக்கைவாக்கில் வேலை செய்கிறது. ஆலைப் பக்கம் பத்தாயிரத்துக்கு 280, அதாவது 0.028. மற்ற வரிசையில் 0.0129. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2.17. 'இரு மடங்குக்கு மேல்' என்ற தலைப்புக்கு ஆதாரம் இதுதான். இதில் மர்மம் எதுவும் கிடையாது. நூற்றுக்கு எத்தனை பேர் என்று இரண்டு இடத்திலும் கேட்டு, ஒன்று மற்றதன் எத்தனை மடங்கு என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஆட்ஸ் வேறு மாதிரிக் கேட்கிறது. சேவல் சண்டையில் 'ஒன்றுக்கு நாலு' என்று பந்தயம் கட்டுகிறவர் மொத்தச் சண்டைகளைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஜெயத்துக்கு எத்தனை தோல்வி என்று ஜெயத்தைத் தோல்வியோடு நேருக்கு நேர் நிறுத்துகிறார். ஆட்ஸும் அப்படித்தான். நோயாளிகளை மொத்தப் பேரால் வகுக்காமல், நோய் இல்லாதவர்களால் வகுக்கிறது. ஆலைப் பக்கம் 280 ÷ 9,720, அதாவது 0.0288. மற்ற வரிசையில் 129 ÷ 9,871, அதாவது 0.0131. இந்த இரண்டின் விகிதம் 2.20. அதுதான் ஆட்ஸ் ரேஷியோ.

கட்டங்களுக்கு வழக்கம்போல a, b, c, d என்று பெயர் வைத்தால், மேல் வரிசை a, b. கீழ் வரிசை c, d:

```
RR = [a / (a + b)] ÷ [c / (c + d)]
OR = (a / b) ÷ (c / d) = (a × d) / (b × c)
```

2.17, 2.20. இரண்டுக்கும் நடுவே முடி அளவு வித்தியாசம். ஏன் இவ்வளவு நெருக்கம் என்றால், நோய் அரிதாக இருக்கிறது. 10,000 பேரில் 280 பேரை எடுத்துவிட்டாலும் 9,720 பேர் மிஞ்சுகிறார்கள். 10,000-ஆல் வகுத்தாலும் 9,720-ஆல் வகுத்தாலும் விடை அதிகம் மாறாது. அதே அறிக்கையின் மற்ற எண்ணுக்குப் போனால் விலகல் தெரியத் தொடங்கும். சுவாச நோய் மொத்தம் 13.9 சதவீதம், கணக்குக்காக, ஒப்பிடும் ஊரில் இதில் சரிபாதி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பீட்டு இடர் 2. ஆட்ஸ் ரேஷியோ 2.16. இன்னும் பெரிய ஆபத்தில்லை. ஆனால் கூரை வீட்டில் பொறி விழுந்த மாதிரி, நோய் பரவலாகப் பரவலாக இந்த விலகல் மெதுவாகப் புகைந்து, ஒரு கட்டத்தில் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

அந்தக் கட்டத்தைப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் நின்றுபோயிற்று. சங்கு குளிப்பது நிற்கவில்லை. திரேஸ்புரத்திலிருந்து இன்றும் சங்கு எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறார்கள். இறங்குகிறவரின் முதல் எதிரி காது. பத்து மீட்டர் ஆழத்தில் உடலின் மேல் அழுத்தம், கரையில் இருப்பதைப்போல இரண்டு பங்கு. செவிப்பறைக்கு வெளியே தண்ணீர் அழுத்துகிறது. உள்ளே நடுச்செவியில் இருக்கும் காற்று பழைய அழுத்தத்திலேயே இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதியோ விழுங்கியோ தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாய் வழியாக உள்ளே காற்றை ஏற்றினால் இரண்டு பக்கமும் சமமாகும். சளி பிடித்திருக்கும் நாளில் அந்தக் குழாய் திறக்காது. அப்போதும் இறங்கினால் வலி, ரத்தக்கசிவு, சில சமயம் செவிப்பறையில் ஓட்டை. முதல் சில மீட்டரிலேயே இது நடக்கும். ஏனென்றால் அழுத்தம் விகித அளவில் வேகமாகக் கூடுவது மேல்மட்டத்தில்தான்.

ஆகவே காதுக் கோளாறு இந்தத் தொழிலில் அரிய நோய் அல்ல. இப்படி ஒரு கணக்கெடுப்பு செய்தால் அட்டவணை எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். கீழே உள்ள எண்கள் பாடத்துக்காக நான் அமைத்தவை. எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல. சங்கு குளிக்கிறவர்கள் 200 பேர், அதே கரையில் வலைத் தொழில் மட்டும் செய்கிறவர்கள் 200 பேர்.

| | காதுக் கோளாறு உண்டு | இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| சங்கு குளிப்பவர் | 120 | 80 | 200 |
| வலைத் தொழிலாளர் | 40 | 160 | 200 |

குளிப்பவர்களில் நூற்றுக்கு 60. வலைத் தொழிலாளரில் நூற்றுக்கு 20. ஒப்பீட்டு இடர் 3. இனி ஆட்ஸ்: 120 ÷ 80 என்றால் 1.5, 40 ÷ 160 என்றால் 0.25. விகிதம் 6. மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில் எவரும் கணக்கைப் பிழையாகப் போடவில்லை. இரண்டும் சரி. ஆனால் 'சங்கு குளிப்பவருக்குக் காதுக் கோளாறு வர ஆறு மடங்கு வாய்ப்பு' என்று எழுதினால் அது பொய். எளிதாகச் சோதிக்கலாம். வலைத் தொழிலாளரின் 20 சதவீதத்தை ஆறால் பெருக்குங்கள்: 120 சதவீதம். இருநூறு பேரில் இருநூற்று நாற்பது பேருக்கு காது கெட்டிருக்க வேண்டும்.

இந்தப் பெருக்கல் சோதனையை எந்தச் செய்தியிலும் செய்து பார்க்கலாம். அடிப்படைச் சதவீதத்தை அவர்கள் சொல்லும் மடங்கால் பெருக்கி நூறைத் தாண்டினால், சொல்லப்பட்டது ஆட்ஸ் ரேஷியோ. யாரோ அதை இடராக மொழிபெயர்த்துவிட்டார்கள். ஒப்பீட்டு இடருக்கு ஒரு கூரை உண்டு. அடிப்படை 20 சதவீதமானால் அது ஐந்தைத் தாண்ட முடியாது. 60 சதவீதமானால் 1.67-ஐத் தாண்ட முடியாது. ஆட்ஸ் ரேஷியோவுக்கு அப்படி ஒரு கூரை கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். அதே நேரம், சோதனையில் நூறைத் தாண்டவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நம்பிவிடக் கூடாது. மடங்கு சிறியதாக இருந்தால் பிழை சத்தமில்லாமல் தப்பிவிடும்.

அப்படித் தப்பிய ஒன்று மருத்துவ இதழ்களின் சரித்திரத்திலேயே பதிந்திருக்கிறது. 1999-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. நெஞ்சு வலி என்று சொல்லும் நோயாளிகளாக நடிகர்கள் நடித்த காணொளிகளை 720 மருத்துவர்களிடம் காட்டி, இதயக் குழாய்ப் பரிசோதனைக்கு யாரை அனுப்புவீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளையரை அனுப்பச் சொன்னது 90.6 சதவீதம், கறுப்பினத்தவரை 84.7 சதவீதம். ஆய்வுக் கட்டுரை தந்த ஆட்ஸ் ரேஷியோ 0.6. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இதைக் 'கறுப்பினத்தவருக்கு 40 சதவீதம் வாய்ப்பு குறைவு' என்று பரப்பின. 84.7-ஐ 90.6-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.93. குறைவு ஏழு சதவீதம். அதே ஆண்டு ஸ்வார்ட்ஸ், வொலோஷின், வெல்ச் என்ற மூவர் அதே இதழில் இதைச் சுட்டிக்காட்டினார்கள். பாகுபாடு இல்லை என்று அவர்கள் வாதிடவில்லை. இதில் 'அனுப்பப்படுவது' பத்தில் ஒன்பது பேருக்கு நடக்கும் விஷயம். அவ்வளவு பரவலான ஒன்றில் ஆட்ஸ் ரேஷியோவை இடர்போல வாசித்தால் ஏழு நாற்பதாகிவிடும் என்பதுதான் அவர்கள் வாதம்.

இவ்வளவு குழப்பம் தருகிற ஒன்றை ஏன் வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டும்? எல்லா ஆய்வும் ஊரை வீடு வீடாகக் கணக்கெடுத்து நடப்பதில்லை என்பதுதான் காரணம். நமது சங்கு குளிப்பவர் அட்டவணைக்கே திரும்புவோம். ஊருக்குள் போய் 400 பேரைத் தேடிப்பிடிக்க ஆளும் பணமும் இல்லை. அதற்குப் பதிலாக காது-மூக்கு-தொண்டைப் பிரிவின் புறநோயாளி வரிசையில் உட்கார்ந்து, காதுக் கோளாறோடு வருகிற 160 பேரையும் பிடித்துவிடுகிறோம். அவர்களில் 120 பேர் குளிப்பவர், 40 பேர் வலைக்காரர். ஒப்பிடக் கோளாறு இல்லாதவர்கள் வேண்டும். மொத்தம் 240 பேர் இருக்கிறார்கள். அவ்வளவு பேர் எதற்கு என்று பாதியை மட்டும் எடுக்கிறோம். அதில் குளிப்பவர் 40, வலைக்காரர் 80.

இப்போது படுக்கைவாக்கில் 'இடர்' கணக்கிட்டால் குளிப்பவரில் 160-க்கு 120, அதாவது 75 சதவீதம்; வலைக்காரரில் 120-க்கு 40, அதாவது 33 சதவீதம். விகிதம் 2.25. ஊரில் மூன்றாக இருந்தது இங்கே 2.25 ஆனது எப்படி? நாம் பாதி பேரை விட்டுவிட்டதால். பாதிக்குப் பதில் கால்வாசி எடுத்திருந்தால் அது 1.71 ஆகியிருக்கும். ஆய்வாளரின் சௌகரியத்துக்கு ஏற்ப இடர் ஏறி இறங்குகிறது என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

ஆட்ஸ் ரேஷியோ மட்டும் அசையவில்லை. பாதி எடுத்தபோது 120 × 80 என்பதை 40 × 40-ஆல் வகுத்தால் 6. கால்வாசி எடுத்தபோது 120 × 40 என்பதை 20 × 40-ஆல் வகுத்தால் அப்போதும் 6. நோயில்லாத பத்தியை எத்தனை பங்காகக் குறைத்தாலும், அந்தப் பங்கு மேலும் கீழுமாக வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. ஒரே நிபந்தனை: நோயில்லாதவர்களை எடுக்கும்போது குளிப்பவரா வலைக்காரரா என்று பார்த்து எடுக்கக் கூடாது. புறநோயாளி வரிசையில் பக்கத்துப் பிரிவில் நிற்கிறவர்களையே ஒப்பீட்டுக்கு எடுத்தால் இது எளிதில் சறுக்கும். மூட்டு வலிப் பிரிவில் நின்றவர்களை எடுத்தோம், அங்கே சங்கு குளிப்பவர் அதிகம் என்றால், ஆறு நாலாகவோ மூன்றாகவோ சுருங்கிவிடும்; அட்டவணையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நோயாளிகளிடமிருந்து பின்னோக்கிப் போகும் இந்த முறைக்கு மரியாதை தேடித் தந்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட். நோய் அரிதாக இருந்தால், இப்படிக் கிடைக்கும் ஆட்ஸ் ரேஷியோவே ஏறக்குறைய ஒப்பீட்டு இடர் என்று 1951-ல் அவர் காட்டினார். நுரையீரல் புற்றுநோய்-புகைப்பழக்க ஆய்வுகளுக்கு அது உயிர் கொடுத்தது. நம்மூர் உதாரணம் 2003-ல் லான்செட்டில் வந்தது: சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களையும், உயிரோடிருந்த சுமார் 35,000 ஆண்களையும் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ குழுவினர் புகைப்பழக்கத்தில் ஒப்பிட்டார்கள். நகரப் பகுதியில் காசநோயால் சாவது புகைப்பவரிடம் நாலரை மடங்கு என்று வந்தது. இறந்தவர்களையும் உயிரோடிருப்பவர்களையும் தனித்தனியாகத் திரட்டிய ஆய்வில் 'நூற்றுக்கு எத்தனை பேர் செத்தார்கள்' என்ற கேள்வியே எழாது. ஆனால் ஓர் ஆண்டில் காசநோயால் சாகிறவர் ஊரில் மிகச் சிலர்; ஆகவே அந்த நாலரையை மடங்கு என்று நிம்மதியாக வாசிக்கலாம்.

ஆட்ஸ் ரேஷியோவுக்கு இன்னொரு குணம் உண்டு. அட்டவணையைத் திருப்பிப் போட்டு, காது நன்றாக இருப்பவர்களை எண்ணினால் ஆட்ஸ் ரேஷியோ ஆறில் ஒன்றாகும், அதாவது நேர் தலைகீழ். ஒப்பீட்டு இடரில் அந்த ஒழுங்கு இல்லை. குளிப்பவரில் 40 சதவீதம், வலைக்காரரில் 80 சதவீதம், விகிதம் அரை. மூன்றின் தலைகீழ் மூன்றில் ஒன்றுதானே, அரை எப்படி வந்தது என்று முதல் தடவை பார்க்கிற எல்லோரும் திகைப்பார்கள். வயது, புகை, சம்பளம் என்று பல காரணிகளை ஒரே சமயத்தில் ஈடுகட்டும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற கணக்கு ஆட்ஸின் இந்த ஒழுங்கின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. கணினி அதன் விடையாகத் துப்புவது ஆட்ஸ் ரேஷியோ. கணக்கெடுப்பில் இடரை நேரடியாகக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தும் பல ஆய்வேடுகளில் ஆட்ஸ் ரேஷியோ உட்கார்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பழக்கமே காரணம் என்பது என் எண்ணம்.

அப்படிப்பட்ட ஆய்வேடு கையில் கிடைத்தால், ஒப்பிடும் குழுவின் சதவீதம் தெரிந்திருக்கும்பட்சத்தில் திருப்பிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. 1998-ல் ஜாங், யூ என்ற இருவர் எடுத்துக் காட்டிய சூத்திரம் இது. p0 என்பது ஒப்பிடும் குழுவில் நோய் உள்ளவர்களின் பங்கு.

```
RR = OR / (1 - p0 + p0 × OR)
```

வலைக்காரரின் 0.20-ஐப் போட்டால் கீழே 0.80 + 1.20, அதாவது 2. ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று. நேரடி அட்டவணையில் இது கச்சிதம். வயதுக்கும் புகைக்கும் ஈடுகட்டிய ஆட்ஸ் ரேஷியோவை இதில் போட்டால் விடை ஓரளவுக்கு மட்டுமே சரி; அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது எண்ணுவது இன்று நோயோடு இருப்பவர்களை. புதிதாக யாருக்கு வந்தது என்பதை அது பார்ப்பதில்லை. அதனால் கறாராகப் பேசினால் அதில் கிடைப்பது இடர் விகிதம் அல்ல, பரவல் விகிதம். கடற்கரையில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். காது கெட்டுப்போனவர் தொழிலை விட்டு வலைக்குப் போய்விடுகிறார். கணக்கெடுப்பு நாளன்று அவர் வலைக்காரர் வரிசையில் எண்ணப்படுகிறார், கெட்ட காதோடு. மேல் வரிசையில் ஒரு நோயாளி குறைகிறார், கீழ் வரிசையில் ஒருவர் கூடுகிறார். உண்மையில் மூன்றுக்கு மேல் இருந்த விகிதம் மூன்றாகத் தேய்ந்து தெரியலாம். 'இப்போது என்ன தொழில்' என்று கேட்காமல் 'எப்போதாவது குளித்ததுண்டா, எத்தனை வருஷம்' என்று கேட்பதுதான் இதற்கு மருந்து.

ஆலை ஊர்களின் 2.17-க்கும் இப்படி ஒரு கேள்வி உண்டு. 2.8 சதவீதத்தை எடுத்தது வாசலுக்கு வந்த ஒரு குழு. 1.29 சதவீதத்தை எடுத்தவர்களும் அதே கேள்விகளைக் கேட்டு, அதே அளவுகோலால் ஆஸ்துமாவை முடிவுசெய்தார்களா? இல்லையென்றால் விகிதத்தின் ஒரு பகுதி காற்றிலிருந்து வருவதற்குப் பதில் கேள்வித்தாளிலிருந்து வந்திருக்கலாம். அது எந்தப் பக்கம் சாயும் என்பதைக்கூட நான்கு கட்டங்கள் சொல்லாது. ஆகவே அந்த எண்ணை வைத்து ஆலைதான் காரணம் என்றும் முடிவுகட்ட முடியாது. ஆலைக்குச் சம்பந்தமே இல்லை என்றும் கைகழுவ முடியாது. தேவைப்படுவது ஒரே குழு, ஒரே கேள்வித்தாள், வயதும் அடுப்புப் புகையும் பீடியும் ஒத்த இன்னொரு ஊர்.

இந்தப் பிரச்சினைகள் எல்லாம் தீர்ந்து, 2.8-உம் 1.29-உம் சரி என்றே வைத்துக்கொண்டாலும், விகிதம் சொல்லாத ஒன்று மிஞ்சுகிறது. 80,725 பேரில் 2.8 சதவீதம் சுமார் 2,260 பேர். மாநிலச் சராசரிப்படி இருந்திருந்தால் சுமார் 1,040 பேர். வித்தியாசம் 1,220 பேர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதாமாதம் எத்தனை இன்ஹேலர் வாங்குவது, எத்தனை பேருக்கு ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்வது என்று திட்டமிடுகிறவருக்கு வேண்டியது இந்தக் கழித்தல் கணக்கு. 2.17, 2.20 இரண்டில் எதை வைத்தாலும் அந்த மருந்துப் பட்டியலை எழுத முடியாது.